ஒரே இயந்திரம், இரண்டு தீர்ப்பு

கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். பெரிய கம்பெனி ஒன்று ஒரே ஒரு பாகத்துக்கு மூன்று வருட ஆர்டர் தர முன்வருகிறது. அந்தப் பாகத்தை மட்டுமே செய்யக்கூடிய எஸ்.பி.எம். இயந்திரத்தை 12 லட்சம் ரூபாய் கொடுத்துச் செய்து வாங்க வேண்டும். ஆர்டர் முடிந்தபின் அதற்கு வேறு வேலை கிடையாது. பழைய இரும்பாக விற்றால் கிடைப்பது பிரித்தெடுக்கும் கூலிக்கே சரியாகிவிடும். பொருள், கூலி, கரண்ட், வருமான வரி எல்லாம் போக வருடக் கடைசியில் 5 லட்சம் ரொக்கமாகக் கையில் நிற்கும்.

பட்டறைக்காரர் இரண்டு பேரிடம் கணக்குப் போடச் சொல்கிறார். ஒருவர், “வாங்குங்கள், இன்றைய மதிப்பில் 43,426 ரூபாய் லாபம்” என்கிறார். இன்னொருவர், “முதல் வருடமே 20,000 ரூபாய் துண்டு விழுகிறதே” என்று உதட்டைப் பிதுக்குகிறார். இருவரும் கணக்கில் தவறவில்லை. அதைவிட வியப்பு, இருவர் கணக்கும் ஒரே கணக்குதான்.

முதலாமவர் போட்டது நிகர நிகழ்கால மதிப்பு, சுருக்கமாக என்.பி.வி. இரண்டாமவர் போட்டது பொருளாதார மதிப்புக் கூட்டு, அதாவது ஈ.வி.ஏ. இரண்டுக்கும் ஒரு பொது ஆதாரம் வேண்டும். அது, போட்ட பணத்துக்கு வருடத்துக்கு என்ன செலவு என்ற விகிதம். நம் பட்டறையில் பாதிப் பணம் வங்கிக் கடன். வட்டியால் கிடைக்கும் வரிச் சலுகையைக் கழித்தால் அதன் உண்மைச் செலவு 8 சதவீதம் என்று வைப்போம். மீதிப் பாதி பட்டறைக்காரரின் சொந்தப் பணம். அதைத் தொழிலில் முடக்கும் அபாயத்துக்கு 12 சதவீதமாவது வர வேண்டும் என்று அவர் நினைக்கிறார். இரண்டுக்கும் சராசரி 10 சதவீதம். சொந்தப் பணத்துக்கு யாரும் பில் அனுப்புவதில்லை என்பதால் பலரும் இந்த 12 சதவீதத்தைச் செலவாகவே எண்ணுவதில்லை. வழக்கமான லாப நட்டக் கணக்கிலும் அது ஏறாது. கடன் வட்டி ஏறும், சொந்த மூலதனத்தின் கூலி ஏறாது. ஈ.வி.ஏ. பிறந்ததே இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

என்.பி.வி. போடுகிறவர் ரொக்கத்தை மட்டும் பார்க்கிறார். அடுத்த வருடம் வரும் 5 லட்சத்தை 1.1-ஆல் வகுத்தால் இன்றைய மதிப்பு 4,54,545 ரூபாய். அதற்கடுத்த 5 லட்சத்தை 1.21-ஆல் வகுத்தால் 4,13,223. மூன்றாவதை 1.331-ஆல் வகுத்தால் 3,75,657. கூட்டினால் 12,43,426 என்று ஒரு ரூபாய் வித்தியாசத்துக்குள் வரும். இதற்காக இன்று கொடுப்பது 12 லட்சம். மிச்சம் 43,426. அவருடைய தாளில் தேய்மானம் என்ற சொல்லே இல்லை.

ஈ.வி.ஏ. போடுகிறவர் வருடம் வருடமாகப் பார்க்கிறார். 12 லட்சம் இயந்திரத்தை மூன்று வருடத்துக்குச் சமமாகப் பிரித்து, ஆண்டுக்கு 4 லட்சம் தேய்மானம் கழிக்கிறார். 5 லட்சத்தில் 4 லட்சம் போக லாபம் 1 லட்சம். இதோடு நிறுத்தியிருந்தால் அது வழக்கமான கணக்கு. அவர் இன்னும் ஒன்றைக் கழிக்கிறார். வருடத் தொடக்கத்தில் இயந்திரத்தில் எவ்வளவு பணம் முடங்கிக் கிடந்ததோ, அதில் 10 சதவீதம். முதல் வருடம் முடங்கியது 12 லட்சம், அடுத்த வருடம் 8 லட்சம், மூன்றாம் வருடம் 4 லட்சம்.

| வருடம் | லாபம் | மூலதனச் செலவு | உபரி (ஈ.வி.ஏ.) | இன்றைய மதிப்பு |
|---|---|---|---|---|
| 1 | 1,00,000 | 1,20,000 | –20,000 | –18,182 |
| 2 | 1,00,000 | 80,000 | 20,000 | 16,529 |
| 3 | 1,00,000 | 40,000 | 60,000 | 45,079 |

கடைசிப் பத்தியைக் கூட்டிப் பாருங்கள்: 43,426. ரூபாய் பிசகாமல் அதே தொகை.

தற்செயல் என்று தோன்றினால் தேய்மானத்தை மாற்றிப் பார்க்கலாம். புது இயந்திரம் முதலில் வேகமாகத் தேயும் என்று வாதிட்டு, 6 லட்சம், 4 லட்சம், 2 லட்சம் என்று கழிப்போம். இப்போது முதல் வருடம் 1 லட்சம் நட்டம், இரண்டாம் வருடம் 1 லட்சம் லாபம், மூன்றாம் வருடம் 3 லட்சம் லாபம். ஆனால் முடங்கிய பணமும் வேகமாகக் குறைகிறது: 12 லட்சம், 6 லட்சம், 2 லட்சம். மூலதனச் செலவு 1,20,000, 60,000, 20,000 ஆகிறது. உபரி முறையே –2,20,000, +40,000, +2,80,000. முன்பு 20,000 துண்டு விழுந்த வருடத்தில் இப்போது பதினோரு மடங்கு விழுகிறது. ஆனாலும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் –2,00,000, 33,058, 2,10,368. கூட்டினால் மறுபடியும் 43,426.

காரணம் எளிது, ஒரு கடனை நினைத்தால் போதும். பட்டறைக்காரர் இயந்திரத்துக்கு 12 லட்சம் கடன் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தேய்மானம் என்பது அந்தக் கடனில் இயந்திரம் திருப்பித் தரும் அசல். மூலதனச் செலவு என்பது நிலுவைக்கு அது தரும் வட்டி. முதல் கணக்கில் இயந்திரம் அசலும் வட்டியுமாக முதல் வருடம் 5,20,000, இரண்டாம் வருடம் 4,80,000, மூன்றாம் வருடம் 4,40,000 கட்டுகிறது.

இப்போது கடைசியிலிருந்து பின்னோக்கி வருவோம். மூன்றாம் வருடக் கடைசியில் கட்டும் 4,40,000-ஐ 1.1-ஆல் வகுத்தால் 4 லட்சம். இரண்டாம் வருட முடிவில் ஏட்டில் நின்ற நிலுவையும் அதுதான். அதோடு அந்த வருடம் கட்டிய 4,80,000-ஐச் சேர்த்தால் 8,80,000, 1.1-ஆல் வகுத்தால் 8 லட்சம். அதோடு 5,20,000 சேர்த்தால் 13,20,000. வகுத்தால் 12 லட்சம். ஒவ்வொரு படியிலும் ஏட்டு நிலுவையே வந்து நிற்கிறது. வேறு மாதிரி வரவும் முடியாது. ஏனெனில் அசலை எந்த வேகத்தில் திருப்பினாலும், திருப்பாமல் விட்ட பாக்கிக்கு அதே 10 சதவீதம் வட்டி ஏறுகிறது. மெதுவாகக் கட்டினால் வட்டி கூடும், வேகமாகக் கட்டினால் குறையும். இன்றைய மதிப்பு எப்போதும் 12 லட்சம்தான்.

இனி ஒரே வரியில் முடிந்துவிடும். உபரி என்பது வருட ரொக்கத்திலிருந்து தேய்மானத்தையும் மூலதனச் செலவையும் கழித்தது. ரொக்கங்களின் இன்றைய மதிப்பு 12,43,426. கழிபடும் இரண்டின் இன்றைய மதிப்பு 12 லட்சம். மிச்சம்தான் என்.பி.வி. முதலாமவர் 12 லட்சத்தை முதல் நாளே மொத்தமாகக் கழித்தார். இரண்டாமவர் அதே 12 லட்சத்தை வட்டியோடு மூன்று தவணையாகக் கழித்தார்.

இந்த உண்மை புதியதல்ல. தொழிலின் லாபத்திலிருந்து மூலதனத்துக்கான வட்டியைக் கழித்த பிறகு மிஞ்சுவதே தொழில் நடத்துகிறவரின் சம்பாத்தியம் என்று ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் எழுதினார். கேப்ரியல் பிரைன்ரைக் 1930-களில் இந்தச் சமன்பாட்டைக் கணிதமாகவே எழுதிவிட்டார். 1955-இல் வுல்ஃப்காங் லூக்கே ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கட்டுரையால், ஜெர்மனியில் இன்றும் இது லூக்கே தேற்றம் என்றே அறியப்படுகிறது. ஜோயல் ஸ்டெர்னும் பென்னெட் ஸ்டூவர்ட்டும் 1982-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆலோசனை நிறுவனம்தான் பழைய உபரிக்கு ஈ.வி.ஏ. என்று பெயரிட்டு, அந்தப் பெயரை வணிக முத்திரையாகவும் பதிவு செய்தது. கோகோ கோலா போன்ற நிறுவனங்கள் பின்பற்றின. 1993-இல் ஃபார்ச்சூன் இதழ் அட்டைக் கட்டுரை போட்டதும் அது மேலாளர்களின் பேச்சில் புகுந்துவிட்டது. இந்தியாவில் கோத்ரெஜ் குழுமம் இதை நிர்வாகத்தில் புகுத்தியது. இன்ஃபோசிஸ் தன் ஆண்டறிக்கையில் ஈ.வி.ஏ. கணக்கை வெளியிட்டு வந்தது. நூறு வருடம் பழைய சரக்குக்குப் புது லேபிள் ஒட்டி விற்றார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மைதான் என்றாலும், லேபிள் ஒட்டும்வரை அந்தச் சரக்கைப் பெரிதாக யாரும் சீண்டவில்லை என்பதும் உண்மை.

மொத்தத்தில் ஒன்றுதான் என்றால் வருடா வருடம் எதற்குப் பிரிக்க வேண்டும்? என்.பி.வி. வாங்கும் நாளில் எழுதும் ஒரே எண். பிறகு மூன்று வருடம் அதைச் சரிபார்க்க வழியில்லை. ரொக்கத்தை வைத்துச் சரிபார்த்தால், 12 லட்சம் போன வருடம் பெரும் நட்டமாகவும் மற்ற வருடங்கள் பெரும் லாபமாகவும் தெரியும். உபரிக் கணக்கில் ஒவ்வொரு வருடத்துக்கும் எதிர்பார்த்த எண் ஒன்று இருக்கிறது. இரண்டாம் வருடம் 20,000 வர வேண்டிய இடத்தில் 5,000 வந்தால், திட்டம் எங்கே பிசகியது என்று அப்போதே கேட்கலாம்.

ஆனால் இங்கேதான் பெரிய ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. நம் அட்டவணையின் முதல் வரியைப் பாருங்கள். மொத்தத்தில் மதிப்புள்ள திட்டம், முதல் வருடம் 20,000 துண்டு விழுகிறது. பட்டறையை நடத்தும் மேலாளருக்கு அந்த வருட ஈ.வி.ஏ.வை வைத்து போனஸ் என்றால், அவர் இயந்திரமே வாங்கமாட்டார். தேய்மானத்தை வேகமாகக் கழித்தால் இன்னும் மோசம். 2,20,000 துண்டைத் தாங்கி எந்த மேலாளர் கையெழுத்துப் போடுவார்? கடைசி வருடத்திலோ நிலைமை தலைகீழ். இயந்திரத்தின் ஏட்டு மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடுவதால் மூலதனச் செலவும் குறைவு, உபரி கொழிக்கிறது. பழைய இயந்திரத்தையே ஓட்டிக்கொண்டு, புதிது வாங்காமல் நாளைக் கடத்துகிற மேலாளர் ஈ.வி.ஏ.வில் வெற்றி வீரராகத் தெரிவது இப்படித்தான். சமன்பாடு மொத்த வாழ்நாளுக்குத்தான் உத்தரவாதம் தருகிறது, தனி வருடத்துக்கு அல்ல.

இதற்கு ஒரு மருந்து உண்டு. வங்கியின் சம மாதத் தவணையைப்போல, தேய்மானமும் மூலதனச் செலவும் சேர்ந்து ஒவ்வொரு வருடமும் ஒரே தொகையாக வரும்படி தேய்மானத்தை வகுப்பது. நம் இயந்திரத்துக்கு அந்தத் தொகை 4,82,538. முதல் வருடம் வட்டி 1,20,000 போகத் தேய்மானம் 3,62,538. அடுத்து 3,98,792. கடைசியில் 4,38,671. கூட்டினால் 12 லட்சம் (கடைசி ரூபாயை முழு எண்ணாக்கியதால் ஒன்று கூடும்). இப்போது உபரி ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 17,462. முதல் வருடப் பள்ளமும் இல்லை, கடைசி வருட மேடும் இல்லை. ஈ.வி.ஏ. வல்லுநர்கள் பெரிய இயந்திரங்களுக்கு இதைப் பரிந்துரைப்பது அதனால்தான். தேய்மானம் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போவதைக் கண்டு ஆடிட்டர் முகம் சுளிப்பார். ஆனால் இது மேலாளரை அளக்கும் உள் கணக்குக்கு மட்டும். சட்டப்படியான ஏடு தன் வழியில் போகட்டும்.

வருமான வரிக்கான தேய்மானத்தை மட்டும் இதில் கலக்கக்கூடாது. அது நிஜமாகவே வரியைக் குறைப்பதால் கைக்கு வரும் ரொக்கத்தையே மாற்றும். பொதுவான இயந்திரங்களுக்கு இந்திய வருமான வரியில் குறைந்துசெல்லும் மதிப்பில் 15 சதவீதம் என்றால், அதன்படிதான் வரி போக மிஞ்சும் தொகையைக் கணக்கிட வேண்டும். நம் 5 லட்சம் அப்படிக் கணக்கிட்டபின் வந்தது என்று கொண்டோம். தேய்மானம் எப்படிப் போனாலும் விடை மாறாது என்று மேலே சொன்னது உள் ஏட்டுத் தேய்மானத்தைத்தான்.

சமன்பாடு உடையும் இடங்கள் சில உண்டு. நான் பார்த்தவரை அதிகம் உடைவது மூலதனச் செலவை எந்தத் தொகைக்குப் போடுவது என்பதில். வருடத் தொடக்க நிலுவைக்குப் போட வேண்டும். பலர் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சராசரி எடுத்து, அதுதான் நியாயம் என்று நினைக்கிறார்கள். நம் இயந்திரத்தில் சராசரி 10 லட்சம், 6 லட்சம், 2 லட்சம். உபரி முதல் வருடம் பூஜ்யம், பிறகு 40,000, 80,000. இன்றைய மதிப்பு 93,163. உண்மையான மதிப்பைப்போல இரு மடங்குக்கும் மேல்! ரொக்கம் வருடக் கடைசியில்தான் வருகிறது என்று என்.பி.வி.யில் வைத்துக்கொண்டு, வட்டி போடும்போது மட்டும் நடுவிலேயே பாதி அசல் திரும்பிவிட்டது என்று பாவிப்பதால் வரும் குளறுபடி இது.

இன்னொன்று, வங்கி வட்டியை இரண்டு தரம் கழிப்பது. மூலதனச் செலவின் 10 சதவீதத்துக்குள் கடன் வட்டி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ஆகவே லாபம் வட்டிக்கு முந்தைய லாபமாக இருக்க வேண்டும், வரியும் வட்டிச் சலுகை இல்லாததுபோலக் கணக்கிட்டதாக இருக்க வேண்டும். ஏட்டிலிருந்து லாபத்தை அப்படியே எடுத்து ஒட்டுகிறவர்கள் நல்ல திட்டத்தையும் கெட்டதாக்கிவிடுவார்கள்.

மூன்றாவது, கொஞ்சம் கள்ளத்தனமானது. முதல் வருட முடிவில் ஏட்டில் 8 லட்சம் நிற்கிறது. அதில் 4 லட்சத்தை லாப நட்டக் கணக்குக்குள் கொண்டுவராமல், நேராகக் கையிருப்பு நிதியில் கழித்துவிட்டதாக வைப்போம். மீதி 4 லட்சம் இரண்டு வருடத்தில் 2 லட்சம் வீதம் தேய்கிறது. அடுத்த இரண்டு வருட லாபம் 3 லட்சம் வீதம், மூலதனச் செலவு வெறும் 40,000, 20,000. உபரி 2,60,000, 2,80,000! இன்றைய மதிப்பு மொத்தம் 4,07,062. இயந்திரம் கூடுதலாக ஒரு பாகம்கூடக் கடையவில்லை. பொய்யாகக் கூடியது 3,63,636 ரூபாய். மறைத்த 4 லட்சத்தை 1.1-ஆல் வகுத்தால் வருவதும் அதேதான். அந்த 4 லட்சம் முறையாக அந்த வருட நட்டத்தில் ஏறியிருந்தால், விடை சத்தமில்லாமல் 43,426-க்குத் திரும்பியிருக்கும். சொத்தின் மதிப்பில் ஏற்படும் ஒவ்வொரு குறைவும் லாபக் கணக்கின் வழியாகவே போக வேண்டும் என்பதுதான் இந்தச் சமன்பாட்டின் ஒரே கறாரான நிபந்தனை.

யாராவது ஈ.வி.ஏ. கணக்கை உங்கள் முன் வைத்தால், தேய்மானத்தையும் மூலதனச் செலவையும் மட்டும் தனியே எடுத்துக் கூட்டி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவாருங்கள். இயந்திரத்தின் விலை அப்படியே வர வேண்டும். வராவிட்டால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் நிறுவனம் கணக்கேடுகளில் செய்யக்கூடிய திருத்தங்கள் என்று 160-க்கும் மேல் பட்டியலிட்டது. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆராய்ச்சிக்குச் செலவிட்டதை ஒரே வருடத்தில் கழிக்காமல் சொத்தாக வைத்துச் சில வருடங்களில் கழிப்பது அப்படி ஒன்று. ஆனால் எந்தத் திருத்தமும் முழுமையாகச் செய்யப்பட்டால் மொத்த மதிப்பை மாற்றாது, எந்த வருடத்தில் எவ்வளவு தெரிகிறது என்பதைத்தான் மாற்றும். ஆகவே 160 திருத்தமும் செய்ய மெனக்கெடுவது, என் கருத்தில், ஆலோசகரின் பில்லைத்தான் வளர்க்கும்.

இயந்திரத்துக்குச் சொன்னது முழுக் கம்பெனிக்கும் பொருந்தும். 100 கோடி மூலதனம் போட்ட கம்பெனியின் பங்குகளும் கடனும் சந்தையில் சேர்ந்து 150 கோடி பெறுமானால், கூடுதல் 50 கோடி என்பது இனி வரப்போகும் உபரிகளின் இன்றைய மதிப்பு. 10 சதவீதச் செலவில் அது என்றென்றைக்கும் வருடம் 5 கோடி உபரிக்குச் சமம். அதாவது வரி போக, வட்டிக்கு முந்தைய லாபம் 15 கோடி வர வேண்டும் என்று சந்தை ஏற்கெனவே எதிர்பார்த்து விலை கொடுத்துவிட்டது. அந்தக் கம்பெனி 15 கோடி லாபம் காட்டினால் பங்கு அசையக் காரணமில்லை. இனி 14 கோடிதான் நிலைக்கும் என்று தெரிந்தால், உபரி 4 கோடி, அதன் மதிப்பு 40 கோடி, கம்பெனியின் விலை 140 கோடி. முதலீட்டாளர் பணத்துக்கான செலவை முழுதும் ஈடுகட்டி, மேலும் 4 கோடி மிச்சம் பிடித்த வருடத்திலும் பங்கு விலை இறங்குவது இந்தக் கணக்கினால்தான்.